வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஓர் அழைப்பு

ஒரு விடுகதை போடுகிறேன், கேள். புது வாசலைத் தாண்டும்போது தோளில் ஏறிக்கொள்ளும். சுமக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் பளிச்சென்று தெரியும். இறக்கி வைக்கப் பார்த்தால் இன்னும் கனக்கும். ஒருநாள் தானாகவே இறங்கிப் போய்விடும். அது என்ன?

“சளியா?” என்றாள் நறுமுகை. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, பள்ளியில் புதிதாகக் கொடுத்த நோட்டுகளுக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். “இல்ல கண்ணு. புதுசா வந்த ஆளுங்கிற பேரு” என்றேன். அவள் கத்தரிக்கோலை நிறுத்தி யோசித்தாள். “அது எப்பம்மா இறங்கும்?” “ஒரு வாரத்துல இறங்கிரும்.” “எனக்கு மூணு வாரம் ஆச்சே” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். எட்டு வயது. புதுப் பள்ளி. நான் போட்ட விடுகதையின் விடை தப்பு என்று ஒரே வரியில் காட்டிவிட்டாள்.

மணி நாலு பத்து. ஐந்தரைக்குள் இந்த மடல் போயாக வேண்டும். போய்த்தான் தீரும். தென்காசியிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பும் பஸ்ஸில் முத்துப்பேச்சி ஏறுகிறாள், விடிந்தால் சிங்காநல்லூரில் இறங்குவாள், நாளை ஒன்பதரைக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்பாள், இருபத்துமூன்று வயது, இதுதான் முதல் வேலை. பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி அவள் என்னென்ன நினைத்துப் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியும், அதில் பாதியையாவது நான் இப்போதே எடுத்துவிடலாம், வீட்டிலிருந்து கிளம்புவதற்குள் அவள் படிக்க வேண்டும், அதற்காகத்தான் ஐந்தரை. அவளுக்கு ஆபீஸ் மின்னஞ்சல் நாளைக்கு லேப்டாப் கையில் வந்த பிறகுதான் உயிர்பெறும், அதற்குப் பதினோரு மணி ஆகும், ஆகவே ஹெச்.ஆர். கொடுத்த அவளுடைய சொந்த மின்னஞ்சலுக்குத்தான் அனுப்ப வேண்டும். வாட்ஸாப் எண்ணும் இருக்கிறது. வாட்ஸாப் வேண்டாம். அதில் இரண்டு டிக்கும் நீலமானால், பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும், உடனே ஒரு பதில் போட்டாக வேண்டும் என்று கை பரபரக்கும், பரபரக்கிற கை எதைப் போடும் என்றால் கட்டைவிரலைப் போடும். அந்த மஞ்சள் கட்டைவிரல். சகாயராஜும் அதைத்தான் போட்டான். வேண்டாம், அவனைப் பிறகு நினைத்துக்கொள்ளலாம், முதலில் மடல். “அன்புள்ள முத்துப்பேச்சி, வணக்கம். நான் தமயந்தி. நீங்கள் நாளை சேரப்போகும் டீமின் லீட்.” இதுவரை சரி. பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷினுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற டீம் எங்களுடையது, ஏழு பேர், அவளோடு எட்டு. இன்றைக்கு அவள் ஏறப்போகும் பஸ்ஸிலேயே எங்கள் மெஷின் இருக்கலாம் என்று எழுதலாமா? எழுதலாம். சிரிப்பாள். இல்லை, அந்த மெஷின் மக்கர் பண்ணினால்? எடுத்துவிடு.

“உங்களுக்காக ஒரு சின்ன ஆச்சரியம் காத்திருக்கிறது.” விரல் தானாக இதை அடித்துவிட்டது. போன வருஷம் ஆவணி மாதம் இதே மேசையில் உட்கார்ந்து, இங்கிலீஷில் இதே வரியைத்தான் சகாயராஜுக்கு எழுதினேன், பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டேன், எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது, அனுப்பிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அந்த ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவரை முதல் வாரம் வியாழக்கிழமை பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போவோம், இலை போட்டு முதல் கூட்டு வந்ததும் அவர் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், பேர், ஊர், யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி, பிறகு ஆளுக்கொரு கேள்வி, கடைசியில் இரண்டு வரி பாட்டு. அதுவரை யாரும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. நானும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நின்றிருக்கிறேன், என்ன பாடினேன் என்பது மறந்துவிட்டது, சாதம் ஆறிப்போயிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆறிய சாதத்தின்மேல் சாம்பார் விட்டால் ஒரு மாதிரி ஓரத்தில் தேங்கி நிற்கும். சகாயராஜ் தூத்துக்குடிப் பையன், ஒல்லி, முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருந்தான். குரூப்பில் எல்லோர் முன்னாலும் அழைப்பைப் போட்டேன், கட்டைவிரல் போட்டான், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் போடுகிற கட்டைவிரலுக்கு “பார்த்துவிட்டேன், என்னை விட்டுவிடுங்கள்” என்றும் பொருள் இருக்கலாமே. எழுந்து நின்றான். தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான். “என் பேர் ச” என்றான். ச. ச. அவன் கழுத்தில் நரம்பு ஒன்று வெளியே வந்தது, கண்ணை ஒருமுறை மூடினான், ச. அவனுடைய சொந்தப் பேர்தான், அவன் வாய்க்குள் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. எங்கள் டீம் மயில்சாமி நல்ல மனசோடுதான் செய்தார், உதவி என்று நினைத்துத்தான், “சகாயராஜ்! சரிதானுங்களே?” என்று முடித்துவைத்தார், எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அவன் சிரித்தான். உட்கார்ந்தான். மோர் வரைக்கும் சாப்பிட்டான், இலையை ஒழுங்காக மடித்தான். வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை. திங்கட்கிழமை சொந்தக் காரணங்கள். ஒன்பதாவது நாள் அவனுடைய மேசையில் சார்ஜர் மட்டும் இருந்தது.

“அம்மா, செல்லோ டேப்” என்று நறுமுகை கை நீட்டினாள். கொடுத்தேன். பல்லால் கடித்து அறுக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் “சரிம்மா” என்பாள், எதைச் சொன்னாலும் சரிம்மாதான், அதனால் சொல்லவில்லை. அவன் போன பிறகு ஹெச்.ஆர். என்னைக் கேட்டார்கள், என்ன காரணம் என்று. ஊர் தூரம் என்று எழுதினேன். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அவனை நேர்முகம் எடுத்தவர் வைத்திருந்த தாளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன், அதன் கடைசி வரியில் இருந்தது: வாயால் சொல்வதைவிட எழுதித் தெளிவாகப் பதில் சொல்கிறார், பேச நேரம் கொடுக்கவும். ஒரே வரி. அவன் சேர்வதற்கு நான்கு நாள் முன்னாலேயே அந்தத் தாள் என் பெட்டியில் வந்து கிடந்தது. மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவனுக்கு எழுதிய மன்னிப்பு ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது. நிற்கட்டும். அவனுக்கு இனி என்னால் செய்ய முடிவது ஒன்றுமில்லை, ஆனால் நாளை வருகிறவளுக்கு இருக்கிறது. முத்துப்பேச்சியின் தாளை இரண்டு முறை படித்தேன். தமிழ் வழியில் படித்தவள், பிழைகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி, கேட்டால் மட்டும் பேசுவாள். ஆகவே மடல் தமிழில். ஆச்சரியம் என்ற வரியை அழித்தேன். பின்னோக்கிப் போகும் அந்த விசையை அழுத்திப் பிடித்தபோது ஒவ்வோர் எழுத்தாகக் கரைந்தது, அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

இப்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன், அவசரம் இல்லை, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. காலையில் கீழே செக்யூரிட்டியிடம் ஆஃபர் லெட்டரும் ஆதார் நகலும் காட்ட வேண்டும், என் பேரைச் சொன்னால் போதும், நானே இறங்கி வருவேன். லேப்டாப் வரும் வரை ஃபரீதா பக்கத்தில் உட்காரலாம், அவள் போன வருஷம் சேர்ந்தவள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரே கேள்வியை மூன்று முறையும் கேட்கலாம். திங்களும் செவ்வாயும் உங்களிடமிருந்து எந்த வேலையையும் எதிர்பார்க்கவில்லை. இதைத் தனி வரியாக எழுது, இல்லாவிட்டால் கண் தாண்டிவிடும். பிறகு சாப்பாடு. ஏன் வியாழக்கிழமை? திங்கட்கிழமையே கூட்டிப்போனால் ஒரு முகமும் தெரியாமல் ஏழு பேர் நடுவில் சாப்பிட வேண்டியிருக்கும், செவ்வாய் எங்களுக்குப் புதுப் பதிப்பு வெளியாகும் நாள், யாரும் தலை நிமிரமாட்டோம், புதனும் வெள்ளியும் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. வியாழன்தான் எல்லோரும் வரும் நாள், அதற்குள் அவளுக்கு மூன்று பேருடைய பேராவது தெரிந்திருக்கும். மணி பன்னிரண்டே முக்கால், ஒரு மணி என்றால் மெஸ்ஸில் இடம் கிடைக்காது. ஆபீஸ் வாசலில் இறங்கி இடது கைப்பக்கம் ஐந்து நிமிட நடை, நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம், நீங்கள் தனியாக இடம் தேட வேண்டாம். தேட வேண்டாம் என்பதை எழுதத்தான் வேண்டுமா? எழுதத்தான் வேண்டும், எழுதாதது எல்லாம் பஸ்ஸில் வளரும். சைவம், அசைவம் இரண்டும் உண்டு, எது வேண்டும் என்பதை அங்கே இலை முன்னால் உட்கார்ந்து சொன்னால் போதும், முன்கூட்டி குரூப்பில் சொல்லத் தேவையில்லை. விரதமோ, வயிறு சரியில்லையோ, வீட்டு டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தாலோ அதையும் அங்கே சாப்பிடலாம், மெஸ்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். செலவு கம்பெனியுடையது. ஒன்றே முக்காலுக்குத் திரும்பிவிடுவோம். முடிகிற நேரம் தெரிந்தால்தான் எதையும் தாங்கலாம், பல் டாக்டர்கூட அதைச் சொல்லித்தான் வாயைத் திறக்கச் சொல்கிறார்.

யார் யார் வருவார்கள்? ஏழு பேரும், ஆளுக்கு ஒரு வரி. மயில்சாமி, டீமில் மூத்தவர், நிறைய பேசுவார், பதில் எதிர்பார்க்கமாட்டார். அந்த வரியை எழுதும்போதே போன் மணி அடித்தது, மயில்சாமியேதான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பின்னால் டி.வி. சத்தம். “ஏனுங்க தமயந்தி, வியாழக்கிழமைக்கு காலண்டர்ல போட்டாச்சுங்க, பார்த்தீங்களா?” பார்க்கவில்லை. திறந்தேன். ‘முத்துப்பேச்சி வெல்கம் லஞ்ச்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது, அடியில் ‘சுயஅறிமுகம், கேள்வி, பாட்டு: பத்து நிமிடம்’. ஏழு பேருக்கும் போயிருந்தது. “அந்தப் பேரை மாத்தணுங்க. டீம் லஞ்ச்னு மட்டும் போடுங்க. கீழ இருக்கறதை முழுசா எடுத்துருங்க” என்றேன். “என்னங்க நீங்க, பொண்ணு வர்றதுக்குத்தானே லஞ்ச்சே? அவ பேரைப் போடாம கல்யாணப் பத்திரிகைல பொண்ணு பேரை விட்ட மாதிரி.” “அவ வரலைன்னா?” “ஏன் வராமப் போகுது? சோறு போடறோம், சோத்துக்கு யாராவது வரமாட்டேம்பாங்களா?” “வரமாட்டேன்னு சொல்லலாமுங்க. அவ பேரைப் போட்டா, வராதப்ப ஏழு பேரும் எங்கே எங்கேன்னு கேப்பீங்க. டீம் லஞ்ச்னு போட்டா எட்டுல ஒருத்தர் வரலைன்னு போயிரும்.” டி.வி.யில் யாரோ கைதட்டினார்கள். “அப்ப பாட்டும் இல்ல, கேள்வியும் இல்ல. இதுக்கு எதுக்குங்க டீமு, அவங்கவங்க வூட்டுலயே தின்னுட்டு வரலாமே. நானெல்லாம் நின்னு பாடலீங்களா? நம்ம தொண்டைக்கு அன்னிக்கு மெஸ்காரரே வந்து அப்பளம் சேத்து வெச்சாரு.” “உங்க தொண்டைக்கு அவரு பாட்டை நிறுத்தத்தான் வெச்சாரு.” சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், பதினொரு மாதமாகச் சொல்லாததை. “சகாயராஜ் எதுக்குப் போனான்னு உங்களுக்குத் தெரியுங்களா?” “ஊரு தூரம்னீங்க.” “நாந்தான் பொய் எழுதினேன். அவனுக்குத் திக்கும். அவனோட தாள்ல எழுதியிருந்தது, நான் படிக்கல. நின்னு பேச வெச்சோம். அதனாலதான்னு நினைக்கிறேன்.” டி.வி. சத்தம் நின்றது, அவர்தான் நிறுத்தியிருப்பார். “நான் அவம் பேரைச் சொன்னேனுங்க” என்றார். “தெரியுமுங்க.” “உதவின்னு நெனச்சுச் சொன்னேன்.” “தெரியுமுங்க. கை தட்டினது நான்.” பிறகு, “மாத்தீட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் திரையில் பெயர் மாறியது: ‘வியாழன் டீம் லஞ்ச்’. அடியில் ஒன்றுமில்லை, வெள்ளையாக இருந்தது. முத்துப்பேச்சிக்கு அந்த அழைப்பை நாளை மின்னஞ்சல் கிடைத்த பிறகும் தானாக அனுப்பக் கூடாது, அவள் வருகிறேன் என்றால் மட்டுமே. ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

டீ போடலாம் என்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன், ஐந்து மணி. நறுமுகை நான் பேசியதை எல்லாம் கேட்டிருப்பாள். கேட்காத மாதிரி அட்டையின் மூலையைத் திரும்பத் திரும்ப நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் நான்காவது சப்பாத்தி கேட்டாள். எதற்குடி இத்தனை பசி என்றால், மத்தியானம் சாப்பாடு தீர்ந்துவிடுகிறதாம். யார் தீர்க்கிறார்கள்? பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் கேட்கிறார்கள், கொடுக்கிறாளாம். உனக்கு? “அவங்க கேட்டாங்கம்மா.” வேண்டாம்னு சொல்லலாமே. “சரிம்மா.” அவ்வளவுதான், அந்தச் சரியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன பேசுவது? நான் ஊட்டி வளர்த்த சரி அது. அத்தை வீட்டுக்குப் போகலாமா, சரிம்மா, இந்தச் சட்டை பிடிச்சிருக்கா, சரிம்மா, பள்ளி மாத்தலாமா, சரிம்மா, பிடிச்சிருக்கா என்ற கேள்விக்குச் சரி எப்படிப் பதிலாகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, நல்ல பிள்ளை என்று அவள் அப்பாவிடம் பெருமைப்பட்டேன். அவர் திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், எட்டு மணிக்கு வருவார். கட்டைவிரல் போடுகிற பிள்ளையை வளர்த்து வைத்திருக்கிறேன். பதினைந்து வருஷம் கழித்து யாரோ ஒரு லீட், என்னைப்போலத் தாளைப் படிக்காதவள், இவளை எழுப்பி நிறுத்துவாள், இவள் டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்வாள். போதும். அந்தப் பக்கம் போகாதே. மடல்.

கடைசிப் பகுதிதான் கடினம். வரலாம், வராமலும் இருக்கலாம் என்று எழுதுவது சுலபம், எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. ‘கட்டாயமில்லை, ஆனால் வந்தால் மகிழ்ச்சி’ என்று அடித்தேன். அந்த ‘ஆனால்’ உள்ளே நுழைந்தவுடன் கட்டாயம் பின்கதவு வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. அழித்தேன். ‘உங்களை எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.’ அழித்தேன், ஏழு பேருடைய ஆவல் ஒரு பிள்ளையின் தலைமேல் எதற்கு. மறுப்பதற்கும் ஒரு காரணம் தேட வேண்டியிருந்தால் அது மறுப்பு ஆகாது, பொய் சொல்லப் பழக்குவது ஆகும். அதனால் இப்படி எழுதினேன், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி: “வியாழக்கிழமை யாரும் எழுந்து நின்று பேச மாட்டோம். உங்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்ல மாட்டோம். பாட்டு இல்லை. சாப்பிடுவோம், திரும்புவோம். கீழே உள்ளதில் ஓர் எண்ணை மட்டும் பதிலாக அனுப்புங்கள், காரணம் எழுத வேண்டாம். ஒன்று: வருகிறேன். இரண்டு: வியாழன் வேண்டாம், இன்னொரு நாள் உங்களோடும் ஃபரீதாவோடும் மட்டும் ஒரு டீ. மூன்று: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் எந்த எண்ணை அனுப்பினீர்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். புதன் மாலை வரை நேரம் இருக்கிறது. பதில் வரவில்லை என்றால் மூன்று என்று எடுத்துக்கொள்வேன், திரும்பக் கேட்கமாட்டேன்.” பதில் வரவில்லை என்றால் வருகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டோம். பேசாதவரின் சார்பில் நாங்களே சரி சொல்லிக்கொண்டோம். வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறதா? இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுதான் பயமாக இருக்கிறது, ஆச்சரியம் காத்திருக்கிறது என்ற வரியும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது, இரண்டு தடவை படித்தேனே. மடலை எழுதியவளே அது கனக்கிறதா என்று தூக்கிப் பார்க்க முடியாது. இந்த மூன்றாவது எண் உண்மையில் திறக்கிற கதவா, சுவரில் வரைந்த கதவா? அதைத் தள்ளிப் பார்க்க இன்னொரு கை வேண்டும், அதுவும் எதற்கும் சரி சொல்கிற கை.

ஐந்து பதினெட்டு. “கண்ணு, இதைப் படிச்சுப் பாக்கறியா?” என்றேன். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். “இது உனக்கு வந்திருக்குதுன்னு வெச்சுக்கோ. நாளைக்கு நீ ஒரு புது எடத்துக்குப் போற. நாந்தான் லீடு, ஆனா உங்க அம்மா இல்ல. யாரோ ஒருத்தி.” அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, விரலை வரியின்மேல் ஓட்டிப் படிக்க ஆரம்பித்தாள். ஆஃபர் லெட்டர் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பல் டாக்டர் மாதிரி ஒரு சின்ன மடிப்பு நெற்றியில். “மெஸ்ஸுனா ஓட்டலா?” “ஆமா.” “அப்பளம் உண்டா?” “உண்டு.” மறுபடி படித்தாள். எனக்குத் தெரியும், படித்து முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், முகத்தில் எது எழுதியிருக்கிறதோ அதைத்தான் பதிலாகச் சொல்வாள், ஒன்றும்மா என்பாள், சரிம்மாவின் இன்னொரு பேர் அது. அவள் ஒன்று சொன்னால் இந்த மடல் இன்னும் தயாராகவில்லை. அல்லது நான் இன்னும் தயாராகவில்லை. பஸ் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து எழுதுவேன், எழுதத்தான் வேண்டும், ஆறரைக்கு அனுப்பினாலும் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்துவிடுவாள். நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன், முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். எதிர்வீட்டு மாடியில் துவைத்த போர்வை காய்ந்தது. காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது, அது அவளுக்கும் தெரியக் கூடாது. பின்னால் நாற்காலி இழுபட்ட சத்தம். “அம்மா.” “ம்.” “மூணு அனுப்பினா அந்த மயில்சாமி மாமா கேப்பாரா?” “அவருக்குத் தெரியாது.” “உனக்குக் கோவம் வருமா?” உடனே இல்லை என்று சொல்லியிருப்பேன், எல்லா அம்மாக்களும் சொல்வதைப்போல. யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை எட்டாவது இலை காலியாக இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நேர்மையாக யோசித்தேன். “கொஞ்சம் வருத்தமா இருக்கும்” என்றேன், போர்வையைப் பார்த்தபடி. “ஆனா அது என்னோட வருத்தம். அதை நான் பாத்துக்குவேன். நீ அதுக்காக எதையும் மாத்த வேண்டாம்.” சுவர்க் கடிகாரம் கேட்டது, கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள், ஒருமுறை, இரண்டுமுறை, கிளம்பவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினால் கெட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நேரம் ஆனாலும் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேன், இப்படி நிற்கக்கூடத் தெரியாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணை வாசலில் போய் அழைத்து வர எனக்கு என்ன யோக்கியதை. ஸ்கூட்டர் மூன்றாவது உதையில் கிளம்பிப் போனது.

நறுமுகை மூன்று என்றாள்.